நோய் இல்லாதவருக்கு மருந்து: ஒரே வீட்டில் நான்கு பேர், நான்கு முடிவுகள்

"நான் நல்லாத்தானே இருக்கேன் டாக்டர், எனக்கு எதுக்கு மாத்திரை?"

காசநோய்ப் பிரிவில் வேலை பார்க்கும் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. கேட்பவர் நோயாளி அல்ல, நோயாளியோடு ஒரே கூரையின் கீழ் இருப்பவர். இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, எக்ஸ்ரே சுத்தம். அவரிடம் போய் மூன்று மாதமோ ஆறு மாதமோ மாத்திரை சாப்பிடுங்கள் என்கிறோம். அவர் கேட்பது நூற்றுக்கு நூறு நியாயம். தடுப்பு சிகிச்சையில் யாருக்கு, எந்த மருந்து, எத்தனை நாள் என்று எடுக்கும் முடிவெல்லாம் இந்தக் கேள்விக்குச் சொல்லும் பதிலில்தான் அடங்கியிருக்கிறது.

காசநோய்க் கிருமி உடம்புக்குள் போய்விட்டாலே நோய் வந்துவிட்டதாக அர்த்தமில்லை. பெரும்பாலானவர்களின் உடம்பு கிருமியைச் சுற்றி வளைத்து அடக்கி வைத்துவிடும். அவருக்குத் தொந்தரவு ஏதும் இருக்காது. அவரிடமிருந்து யாருக்கும் பரவவும் செய்யாது. உலக மக்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் இப்படித் தொற்றோடு வாழ்வதாக மதிப்பிடுகிறார்கள். இவர்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்குத்தான் வாழ்நாளில் என்றாவது நோயாக வெளிப்படும். அப்படியென்றால் நூறு பேருக்கு மாத்திரை கொடுத்தால், அதில் தொண்ணூறு பேருக்கு அது தேவைப்பட்டிருக்காது. யார் அந்தத் தொண்ணூறு, யார் மீதிப் பத்து என்று பிரித்துச் சொல்லும் பரிசோதனை இன்றுவரை கிடையாது. கையில் ஊசி போட்டுத் தடிப்பை அளக்கும் மான்டோ பரிசோதனையும் சரி, ரத்தத்தில் பார்க்கும் இக்ரா பரிசோதனையும் சரி, கிருமியைப் பார்ப்பதில்லை. உடம்பு எப்போதோ அந்தக் கிருமியைச் சந்தித்த நினைவை மட்டும்தான் காட்டுகின்றன.

ஆனால் அந்தப் பத்துப் பேரும் வாழ்நாள் முழுக்கச் சீராகப் பரவிக் கிடப்பதில்லை. தொற்று ஏற்பட்ட முதல் இரண்டு ஆண்டுகளில்தான் ஆபத்து குவிந்திருக்கிறது, போகப்போகச் சரிந்துவிடும். அதனால்தான் இருபது வருடத்துக்கு முன் என்றோ தொற்றியவரைவிட, போன மாதம் வரை சளியில் கிருமியோடு இருமிக்கொண்டிருந்தவரின் பக்கத்தில் படுத்துத் தூங்கியவர் எங்களுக்கு முக்கியம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை என்றால் இன்னும் முக்கியம். அந்த வயதில் தொற்று சீக்கிரம் நோயாகும். மூளை உறையைத் தாக்கும் காசநோய் போன்ற கடுமையான வடிவங்களும் அதிகம்.

சரி, மருந்துக்கு வருவோம். ஐசோனியசிட் காசநோய்க்குப் பயன்பட ஆரம்பித்தது 1952-ல். அந்தப் பத்தாண்டின் கடைசியில் அலாஸ்காவின் பெத்தல் பகுதியில் ஜார்ஜ் காம்ஸ்டாக் என்ற மருத்துவர் தலைமையில் ஓர் ஆய்வு நடந்தது. காசநோய் கொடூரமாகப் பரவியிருந்த கிராமங்களில் வீடு வீடாக ஒரு வருடம் ஐசோனியசிட் கொடுத்துப் பார்த்தார்கள். நோய் பாதிக்கு மேல் குறைந்தது, அந்தப் பாதுகாப்பு பத்தொன்பது ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் நீடித்தது. அந்தக் கிராமத்தாரிடம் சாப்பிடச் சொன்ன மாத்திரையை காம்ஸ்டாக் தானும் சாப்பிட்டார், தன் குடும்பத்துக்கும் கொடுத்தார். நோய் இல்லாதவருக்கு மருந்து கொடுக்கும் எவரும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய மனிதர் என்று எனக்குத் தோன்றும்.

எவ்வளவு நாள் கொடுத்தால் போதும் என்ற கேள்விக்குக் கிடைத்த மிகத் தெளிவான பதில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்தது. நுரையீரலில் பழைய காசநோய்த் தழும்பு இருந்த சுமார் 28,000 பேரைப் பிரித்து, சிலருக்கு 12 வாரம், சிலருக்கு 24 வாரம், சிலருக்கு 52 வாரம் ஐசோனியசிட் கொடுத்து, ஐந்து வருடம் கவனித்தார்கள். 1982-ல் முடிவுகள் வெளிவந்தன. 12 வாரக்காரர்களுக்கு நோய் 21 சதவீதம்தான் குறைந்தது. 24 வாரத்துக்கு 65 சதவீதம், 52 வாரத்துக்கு 75 சதவீதம். ஒரு வருட மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் 93 சதவீதம். இந்த எண்களை நான் வெறும் மருந்தின் வலிமையாகப் படிப்பதில்லை. 75-க்கும் 93-க்கும் நடுவில் இருக்கும் இடைவெளி மாத்திரையை விட்டுவிட்ட மனிதர்கள். இன்று சொல்லப்படும் ஒன்பது மாதக் கணக்கும் பிற்பாடு காம்ஸ்டாக் இந்த மாதிரித் தரவுகளையெல்லாம் சேர்த்து ஆராய்ந்து சொன்னதுதான்: ஒன்பது, பத்து மாதத்துக்கு மேல் கொடுப்பதில் கூடுதல் பலன் பெரிதாக இல்லை.

ஐசோனியசிட்டுக்கு ஏன் இத்தனை நாள்? அது கிருமியின் வெளிச்சுவரைக் கட்டவிடாமல் தடுக்கும் மருந்து. சுவர் கட்டுகிற கிருமி, அதாவது பெருகிக்கொண்டிருக்கும் கிருமிதான் அதனிடம் மாட்டும். அடங்கிக் கிடக்கும் கிருமி எப்போதாவது ஒருமுறை விழித்தால்தான் மருந்து பிடிக்கும். அந்த விழிப்புக்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. ரிஃபாம்பிசினும் அதன் உறவான ரிஃபாபென்டினும் வேறு இடத்தில் கை வைக்கின்றன. மரபணுச் செய்தியைப் படியெடுக்கும் நொதியை முடக்குகின்றன. மந்தமாகக் கிடக்கும் கிருமி சற்றுநேரம் கண் திறந்தாலும் அவற்றுக்குப் போதும். காலம் சுருங்கியதற்குக் காரணம் இதுதான்.

ஐசோனியசிட்டின் மறுபக்கம் கல்லீரல். 1970-ல் வாஷிங்டனில் அரசு ஊழியர்களிடையே காசநோய் பரவியபோது, தொற்று இருந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு ஐசோனியசிட் கொடுத்தார்கள். அவர்களில் 19 பேருக்குக் கல்லீரல் பாதித்தது, இருவர் இறந்தார்கள். ஆரோக்கியமாக வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். அதற்குப் பிறகுதான் மாதாமாதம் கூப்பிட்டு விசாரிக்கும் வழக்கமே வந்தது. வயது கூடக்கூட இந்த ஆபத்தும் கூடும். மது அருந்துபவருக்கு இன்னும் அதிகம்.

குறுகிய சிகிச்சை என்றால் எல்லாமே பாதுகாப்பு என்றும் நினைத்துவிடக் கூடாது. ரிஃபாம்பிசினோடு பைரசினமைடு சேர்த்து இரண்டே மாதத்தில் முடிக்கும் முறையை 2000-ல் பரிந்துரைத்தார்கள். கல்லீரல் செயலிழப்பும் மரணங்களும் வரவே 2003-ல் அதைத் தடுப்பு சிகிச்சையிலிருந்து விலக்கினார்கள். நோய் வந்தவருக்கு இன்றும் நாம் தயங்காமல் கொடுக்கும் அதே இரண்டு மருந்துகள்தான். நோய் இல்லாதவருக்கு அந்த விலை கட்டுப்படியாகவில்லை, அவ்வளவுதான்.

இன்று நிலைத்திருக்கும் குறுகிய முறைகளில் முக்கியமானவை மூன்று. ரிஃபாபென்டினும் ஐசோனியசிட்டும் சேர்த்து வாரம் ஒருமுறை, மொத்தம் 12 முறை. ரிஃபாம்பிசின் மட்டும் தினமும் நான்கு மாதம். ரிஃபாம்பிசினும் ஐசோனியசிட்டும் சேர்த்து தினமும் மூன்று மாதம். வாராந்திர முறையை ஒன்பது மாத ஐசோனியசிட்டோடு ஒப்பிட்ட பெரிய ஆய்வு 2011-ல் வெளியானது. இரு பக்கமும் நோய் வந்தவர்கள் மிகக் குறைவு: வாராந்திர முறையில் 7 பேர், ஐசோனியசிட்டில் 15 பேர். கல்லீரல் பாதிப்பு 0.4 சதவீதத்துக்கு எதிராக 2.7 சதவீதம். முழுமையாக முடித்தவர்கள் 82 சதவீதத்துக்கு எதிராக 69 சதவீதம்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வாராந்திர மருந்தை ஊழியர் கண்முன் விழுங்கினார்கள். ஐசோனியசிட்டை அவரவர் வீட்டில் சாப்பிட்டார்கள். பக்கத்தில் ஒருவர் நின்றால் யாரும் முடிப்பார்கள் அல்லவா? பிறகு வாராந்திர மருந்தை வீட்டில் தாங்களே சாப்பிடச் சொல்லிப் பார்த்த ஆய்வில், கண்முன் சாப்பிட்டவர்களில் 87 சதவீதம் முடித்தார்கள், தாங்களே சாப்பிட்டவர்களில் 74 சதவீதம். எனக்கு அதிக நம்பிக்கை தந்தது, நான்கு மாத ரிஃபாம்பிசினை ஒன்பது மாத ஐசோனியசிட்டோடு ஒப்பிட்டு 2018-ல் வந்த ஆய்வுதான். அங்கே இரண்டு தரப்பாரும் வீட்டிலேயே மாத்திரை எடுத்தார்கள். முடித்தவர்கள் ரிஃபாம்பிசினில் 79 சதவீதம், ஐசோனியசிட்டில் 63 சதவீதம், நோய்த் தடுப்பில் வித்தியாசம் இல்லை, கல்லீரல் பாதிப்பு ரிஃபாம்பிசினில் தெளிவாகக் குறைவு. குறுகிய முறைகளின் வெற்றி அவை அதிக வலிமையானவை என்பதில் இல்லை. மக்கள் அவற்றை முடிக்கிறார்கள், அவர்களின் கல்லீரல் தப்பிக்கிறது.

அப்படியானால் எல்லோருக்கும் குறுகிய முறையைக் கொடுத்துவிடலாமே? இங்கேதான் ஒரு குடும்பத்தைச் சொல்ல வேண்டும். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஐம்பத்திரண்டு வயதுக்காரர். இரண்டு மாத இருமல், சளியில் கிருமி. வீட்டில் அவருடைய மனைவி, வயதான தாயார், ஏழு மாதக் கர்ப்பிணியான மகள், மகளின் மூன்று வயதுப் பையன். முதலில் நான் கேட்டது வீட்டாரைப் பற்றியல்ல, அவருடைய சளி அறிக்கையை. ரிஃபாம்பிசின், ஐசோனியசிட் இரண்டும் அவர் கிருமியிடம் வேலை செய்யும் என்று வந்திருந்தது. இது தெரியாமல் வீட்டாருக்கு மருந்து எழுதுவது குருட்டு வேலை. வீட்டாரிடம் இருப்பது பெரும்பாலும் அவரிடமிருந்து வந்த அதே கிருமி. அவருடையது ஐசோனியசிட்டுக்கு மட்டும் மசியாததாக இருந்திருந்தால் நான்கு மாத ரிஃபாம்பிசின் பக்கம் போயிருப்போம். இரண்டுக்குமே மசியாததென்றால் இந்த முறைகள் எதுவும் உதவாது. அவர்களுக்கு ஆறு மாதம் லெவோஃப்ளாக்சசின் கொடுக்கலாம் என்று 2024-ல்தான் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரை தந்தது.

அடுத்து, நால்வரில் யாருக்காவது ஏற்கெனவே நோய் வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். இருமல், காய்ச்சல், எடை குறைதல், இரவு வியர்வை என்று நான்கு கேள்விகள், கூடவே மார்பு எக்ஸ்ரே. இந்தப் படியில் அவசரப்பட்டால் வரும் கேடு பெரியது. நோய் உள்ளவரின் நுரையீரலில் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கும். அவற்றில் ஒரு மருந்துக்கு மசியாத சில கிருமிகள் இயல்பாகவே இருக்கும். அவருக்கு ரிஃபாம்பிசினை மட்டும் தனியாகக் கொடுத்தால் மற்றதெல்லாம் செத்து அந்தச் சிலது மட்டும் பெருகும். தடுக்கப் போன நாமே மருந்துக்கு அடங்காத காசநோயை உண்டாக்கிவிடுவோம். தொற்று மட்டும் உள்ளவரிடம் கிருமிகள் மிகக் குறைவு என்பதால்தான் ஒன்றிரண்டு மருந்தோடு நிறுத்திக்கொள்ள முடிகிறது.

மனைவிதான் எளிதான முடிவு. நாற்பத்தாறு வயது, 54 கிலோ, வேறு நோய் இல்லை, வேறு மருந்து இல்லை. எக்ஸ்ரே சுத்தம், மான்டோ 14 மில்லிமீட்டர். நோயாளியோடு நெருங்கியிருந்தவருக்கு 5 மில்லிமீட்டரே போதும். அவர்தான் அந்தக் கேள்வியைக் கேட்டவர். நான் சொன்னது இதுதான்: "உங்களுக்கு நோய் இல்லம்மா. கிருமி உள்ளே வந்திருக்கு. வெளியே கிளம்பணும்னா அடுத்த ரெண்டு வருஷத்துலதான் அதிகமா கிளம்பும். வாரத்துக்கு ஒரு நாள், பன்னிரண்டு வாரம் சாப்பிட்டா அந்த வாய்ப்பு ரொம்பக் குறைஞ்சுடும்." ஒத்துக்கொண்டார்.

வாரம் ஒரு நாள் என்றதும் ஒரு மாத்திரை என்று நினைத்திருந்தார். கையில் கொட்டிக் காட்டியபோது மலைத்துப் போனார். ரிஃபாபென்டின் 900 மில்லிகிராம் என்றால் 150 மில்லிகிராம் மாத்திரை ஆறு. ஐசோனியசிட் 900 மில்லிகிராம் என்றால் 300 மில்லிகிராம் மாத்திரை மூன்று. அதோடு நரம்பு பாதிக்காமலிருக்க வைட்டமின் பி6. இரண்டு மருந்தும் ஒன்றாகச் சேர்ந்த மாத்திரை கிடைக்கும் இடங்களில் மூன்றோடு முடிந்துவிடும். ரிஃபாபென்டின் வயிற்றில் உணவு இருந்தால்தான் நன்றாக ரத்தத்தில் சேரும் என்பதால் சாப்பாட்டுக்குப் பிறகு விழுங்கச் சொன்னேன். சிறுநீரும் வியர்வையும் கண்ணீரும் ஆரஞ்சு நிறமாகும், அது ரத்தமல்ல என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் முதல் வாரத்தோடு பயந்து நிறுத்திவிடுவார்கள்.

மூன்றாவது வாரம் மாத்திரை போட்ட நாலைந்து மணி நேரத்தில் குளிர், உடம்பு வலி, லேசான காய்ச்சல், தலைச்சுற்றல். மறுநாள் காலையில் ஒன்றுமே இல்லை. வாராந்திர முறைக்கே உரிய எதிர்வினை இது. பெரும்பாலும் மூன்றாவது, நான்காவது முறைக்குப் பிறகு தலைகாட்டும், ஒரு நாளுக்குள் போய்விடும். 2011 ஆய்வில் இதுபோன்ற ஒவ்வாமை மாதிரியான எதிர்வினைகள் 3.8 சதவீதத்தினருக்கு வந்தன, ஐசோனியசிட்டில் 0.5 சதவீதம்தான். குறுகிய முறைக்கும் அதற்கான சங்கடம் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. அவருக்கு ரத்த அழுத்தம் பார்த்தேன், கல்லீரல் பரிசோதனை செய்தேன், இரண்டும் சரி. அடுத்த வாரமும் தொடர்ந்தார், அவ்வளவு கடுமையாக வரவில்லை. ரத்த அழுத்தம் விழுந்து மயங்கியிருந்தாலோ, மூச்சு முட்டியிருந்தாலோ அதோடு நிறுத்தி வேறு முறைக்குப் போயிருப்பேன். அதில் பேரம் கிடையாது. நடுவில் ஒரு வாரம் ஊரில் இல்லாமல் மாத்திரை தள்ளிப் போனது. அதனால் கெட்டுவிடாது. இரண்டு முறைக்கு நடுவே 72 மணி நேரமாவது இருந்தால் போதும், 16 வாரத்துக்குள் 11 முறை எடுத்திருந்தாலே முடித்ததாகக் கணக்கு.

மூன்று வயதுப் பையனுக்கு மான்டோ முடிவுக்காகக் காத்திருக்கவில்லை. இந்த வயதில் பரிசோதனை தொற்று இல்லை என்று சொன்னாலும் நம்ப முடியாது; தொற்று ஏற்பட்டு அது பரிசோதனையில் தெரிய எட்டு வாரம் வரை ஆகலாம், அதற்குள் நோயே வந்துவிடலாம். நோய் இல்லை என்று மட்டும் உறுதி செய்துகொண்டால் போதும். பையன் விளையாடிக்கொண்டிருந்தான், எடை அட்டையில் கோடு ஏறிக்கொண்டே இருந்தது, எக்ஸ்ரேயில் நெஞ்சில் நெறி கட்டவில்லை. எடை 13 கிலோ. தண்ணீரில் கரையும் குழந்தை மாத்திரை ஒன்றில் ரிஃபாம்பிசின் 75, ஐசோனியசிட் 50 மில்லிகிராம் இருக்கும். தினமும் மூன்று, மூன்று மாதம். வாராந்திர முறையை இரண்டு வயதிலிருந்தே கொடுக்கலாம்தான். ஆனால் இத்தனை பெரிய அளவை மூன்று வயதுக் குழந்தையின் வாய்க்குள் வாராவாரம் செலுத்துவதைவிட, கரைத்துப் புகட்டும் தினசரி மருந்து நடைமுறையில் சுலபம். மாதாமாதம் எடை கூடினால் மாத்திரை எண்ணிக்கையையும் மறுபடி பார்க்க வேண்டும்.

தாயாரிடம் வந்தபோதுதான் எல்லாம் சிக்கலானது. எழுபத்திரண்டு வயது. இதயத்தில் செயற்கை வால்வு, ரத்தம் உறையாமலிருக்க தினமும் வார்ஃபரின். தொந்தரவு ஏதும் இல்லை, ஆனால் எக்ஸ்ரேயில் வலது நுரையீரல் உச்சியில் பழைய தழும்பு மாதிரி ஒன்று. தழும்புதானா, மெல்ல வளரும் நோயா? சளியில் மரபணுப் பரிசோதனை கிருமி இல்லை என்றது. ஆனாலும் கிருமி வளர்ப்புப் பரிசோதனையின் முடிவு வரும்வரை, ஆறு வாரம், அவருக்கு ஒரு மாத்திரையும் கொடுக்கவில்லை. மகன் வந்து கோபித்துக்கொண்டார்: "எல்லாருக்கும் குடுத்துட்டு அம்மாவை மட்டும் விட்டுட்டீங்களே?" மேலே சொன்ன காரணத்தைச் சொல்லிப் புரியவைக்க நேரம் பிடித்தது. ஆறு வாரம் கழித்து வளர்ப்பில் எதுவும் இல்லை, மறுபடி எடுத்த எக்ஸ்ரேயில் மாற்றமும் இல்லை. ஆக, தழும்புதான்.

கிழக்கு ஐரோப்பிய ஆய்வில் இருந்த 28,000 பேரும் இவரைப் போன்றவர்கள்தான்: தழும்பு இருந்து நோய் இல்லாதவர்கள். போதாக்குறைக்கு வீட்டிலேயே மகனிடமிருந்து புதிதாகவும் கிருமி வந்திருக்கும். வயதைக் காரணம் காட்டி விட்டுவிட மனம் வரவில்லை. ஆனால் ரிஃபாம்பிசின், ரிஃபாபென்டின் இரண்டுமே கல்லீரலின் நொதிகளைத் தூண்டிவிட்டு மற்ற மருந்துகளை வேகமாகக் கரைத்துவிடும். வார்ஃபரினின் வேலை பாதியில் நின்றுபோகும். அளவை இரண்டு மூன்று மடங்கு ஏற்றினாலும் பிடிகொடுக்காது. ரிஃபாம்பிசினை நிறுத்தியதும் ஏற்றிய அளவு ஆபத்தாகி ரத்தக்கசிவில் விடும். செயற்கை வால்வு உள்ளவரிடம் இந்த விளையாட்டு வேண்டாம் என்று தீர்மானித்தேன். இங்கே பழைய ஐசோனியசிட்தான் பாதுகாப்பு. தினமும் 300 மில்லிகிராம், பி6 மாத்திரை, ஆறு மாதம். ஐசோனியசிட்டும் வார்ஃபரினைச் சற்றுத் தூக்கிவிடலாம் என்பதால் முதல் சில வாரங்கள் ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையை அடிக்கடி பார்த்தோம்.

இரண்டாம் மாதம் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. நொதி அவருக்கு 95-க்கு ஏறியது, அந்த ஆய்வகத்தின் மேல்வரம்பு 40. பசி இருந்தது, குமட்டல் இல்லை, சோர்வு இல்லை. ஐசோனியசிட் சாப்பிடுபவர்களில் நூற்றுக்குப் பத்திருபது பேருக்கு இப்படி லேசாக ஏறி, மருந்தைத் தொடரும்போதே தானாக இறங்கும். நிறுத்த வேண்டிய கோடு வேறு: தொந்தரவு இருந்தால் மேல்வரம்பின் மூன்று மடங்கு, தொந்தரவே இல்லாவிட்டால் ஐந்து மடங்கு. அவரைத் தொடரச் சொல்லிவிட்டு இரண்டு வாரத்தில் மறுபடி பார்த்தேன். அடுத்த மாதம் 52-க்கு இறங்கியிருந்தது. இந்த எண்களைவிட நான் அவரிடம் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: சாப்பாடு பிடிக்காமல் போனாலோ, குமட்டினாலோ, காரணமில்லாமல் அசதியாக இருந்தாலோ மாத்திரையை அன்றே நிறுத்திவிட்டு வாருங்கள். கண் மஞ்சளாகும்வரை காத்திருக்கக் கூடாது, அது பிந்திய அறிகுறி. ஐசோனியசிட்டால் வந்த பெரும் சேதங்களில் பல, பசி போன பிறகும் மாத்திரையை விடாமல் சாப்பிட்டதால் வந்தவை.

மகளின் விஷயத்தில் மருத்துவர்களிடையே உண்மையாகவே கருத்து வேறுபாடு உண்டு. எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணிகளிடம் நடந்த ஓர் ஆய்வில், கர்ப்ப காலத்திலேயே ஐசோனியசிட் எடுத்தவர்களுக்குப் பிரசவம் தொடர்பான பாதிப்புகள் 23.6 சதவீதம், பிரசவத்துக்குப் பின் எடுத்தவர்களுக்கு 17 சதவீதம். இன்னொரு பக்கம், நோயாளியோடு புதிதாக நெருங்கியிருந்தவர் என்ற வகையில் காத்திருப்பதும் ஆபத்துதான். இவருக்கு எச்.ஐ.வி. இல்லை, முதல் மான்டோவும் தொற்று இல்லை என்றே காட்டியது. அதனால் ஒவ்வொரு முறை வரும்போதும் அறிகுறி விசாரித்துக்கொண்டு, எட்டு வாரம் கழித்து மறுபடி பரிசோதனை என்று வைத்தோம். அதற்குள் பிரசவமாகிவிட்டது. இரண்டாம் பரிசோதனையில் 12 மில்லிமீட்டர் தடிப்பு, எக்ஸ்ரே சுத்தம். குழந்தைக்கு மூன்று மாதம் ஆனதும் நான்கு மாத ரிஃபாம்பிசின் தொடங்கினார். பாலூட்டும்போது ரிஃபாபென்டினைவிட ரிஃபாம்பிசினைப் பற்றி நமக்கு அனுபவம் அதிகம், அதனால் அந்தத் தேர்வு. தாய்ப்பாலை நிறுத்தத் தேவையில்லை. ஆனால் இன்னொன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டியிருந்தது: ரிஃபாம்பிசின் சாப்பிடும்போது கருத்தடை மாத்திரையை நம்ப முடியாது. அது வார்ஃபரினுக்குச் செய்வதையே அதற்கும் செய்யும். வேறு வழியைப் பயன்படுத்த வேண்டும், மருந்து முடிந்து ஒரு மாதம் வரையிலும்.

இதைப் படித்துவிட்டு "எனக்கும் மான்டோ போட்டுப் பார்க்கலாமா" என்று சிலர் கேட்பீர்கள். நோயாளியோடு நெருக்கமில்லாத, எதிர்ப்புச் சக்தியில் குறையில்லாத ஒருவருக்கு என் பதில், வேண்டாம். சிகிச்சை கொடுக்கும் எண்ணம் இல்லாத இடத்தில் பரிசோதனை செய்து பயனில்லை. தேடிப்போய்க் கொடுக்க வேண்டியவர்கள், வீட்டுத் தொடர்புகளைத் தவிர, எச்.ஐ.வி. உள்ளவர்கள், மூட்டுவாதத்துக்கோ குடல் அழற்சிக்கோ அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். புரதத்தை முடக்கும் ஊசி தொடங்கப் போகிறவர்கள், டயாலிசிஸில் இருப்பவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சைக்குத் தயாராகிறவர்கள், கல் தூசியால் சிலிக்கோசிஸ் வந்த தொழிலாளிகள். இவர்களுக்குள்ளும் டி.என்.எஃப். ஊசிக்காரர்களை நான் தனியாக வற்புறுத்துவேன். உடம்பு கிருமியைச் சுற்றிக் கட்டிய வேலியைப் பிரித்துவிடும் மருந்து அது, முதல் ஊசிக்கு முன்பே தொற்றைப் பார்த்துவிட வேண்டும். சர்க்கரை நோய் காசநோய் ஆபத்தைக் கூட்டுவது உண்மை, ஆனாலும் சர்க்கரை இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக எல்லோருக்கும் தடுப்பு மாத்திரை கொடுக்க உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை.

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மருந்து மோதலை மறந்துவிடக் கூடாது. டோலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து சாப்பிடுபவருக்கு வாராந்திர ரிஃபாபென்டின் என்றால் அளவை மாற்ற வேண்டாம்; தினசரி ரிஃபாம்பிசின் என்றால் டோலுடெக்ராவிரை நாளுக்கு இரண்டு வேளையாக்க வேண்டும். புரோட்டியேஸ் தடுப்பு மருந்து என்ற இன்னொரு வகை எச்.ஐ.வி. மருந்து சாப்பிடுபவருக்கு இந்த இரண்டுமே ஆகாது, அவர் ஐசோனியசிட் பக்கம்தான் வர வேண்டும்.

முடித்தவர்களுக்கு ஒரு தாள் கொடுக்கிறேன்: மருந்தின் பெயர், தொடங்கிய தேதி, முடித்த தேதி, எத்தனை முறை எடுத்தார். காரணம், மான்டோவோ இக்ராவோ சிகிச்சைக்குப் பிறகும் தொற்று இருப்பதாகவே காட்டிக்கொண்டிருக்கலாம். சிகிச்சை பலித்ததா என்று பார்க்க அவற்றை மறுபடி செய்யத் தேவையில்லை. நாலு வருடம் கழித்து வேலைக்கான மருத்துவப் பரிசோதனையிலோ அறுவை சிகிச்சைக்கு முன்போ யாராவது செய்து பார்த்துவிட்டு மறுபடி ஆறு மாத மாத்திரையைத் தொடங்கிவிடாமல் இருக்க அந்தத் தாள் உதவும். பின்பக்கத்தில் இன்னொன்று எழுதியிருக்கும். இந்த மாத்திரை உள்ளே இருந்த கிருமிக்குத்தான். புதிதாக வேறொருவரிடமிருந்து தொற்றினால் அதைத் தடுக்காது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், தடுப்பு மாத்திரை சாப்பிட்டிருக்கிறேனே என்று இருந்துவிடாமல், சளியைக் கொடுத்துப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.